அடக்கத்துக்குக் கீழே ஒரு ஏற்றுமதி ஆர்டர்: கரூரிலிருந்து ஒரு முழுக் கணக்கு

2023 செப்டம்பரில் கரூரில் எங்கள் யூனிட் பாதி நாள் சும்மாதான் இருந்தது. ஐரோப்பாவில் விலைவாசி ஏறி, அங்கே கடைக்காரர்கள் பழைய ஸ்டாக்கையே தள்ளிக்கொண்டிருந்த காலம். மாதம் 18,000 செட் கிச்சன் டவல் தைத்து அனுப்பும் இடத்தில் 9,000 செட்டுக்குத்தான் வேலை. அப்போதுதான் ஒரு பையிங் ஏஜென்ட் மூலமாக ஜெர்மனியிலிருந்து ஒரு விசாரணை வந்தது. மூன்று டவல் கொண்ட செட், 8,000 செட். விலை செட்டுக்கு 1.60 டாலர், அதுவும் ஹாம்பர்க் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் நம் தலையில், அதாவது சி.ஐ.எஃப். அதற்கு மேல் ஒரு சென்ட்கூட ஏறாது என்று ஏஜென்ட் முதல் போனிலேயே சொல்லிவிட்டார். அந்த ஆர்டரை எடுப்பதா விடுவதா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கையும், அதன் பிறகு நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் இன்று நிற்கும் யாருக்காவது அந்த ஐந்து மாத அல்லாட்டம் மிச்சமாகட்டும்.

டவல் 50-க்கு 70 சென்டிமீட்டர், நூல் சாயம் போட்ட கட்டம், ஒரு டவல் 70 கிராம். எங்கள் கணக்குப்பிள்ளை முப்பது வருஷம் டெக்ஸ்டைல் கணக்குப் பார்த்தவர். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அடக்கமே 148 ரூபாய் 50 பைசா வருது. அவன் தர்றது 132. செட்டுக்கு 16 ரூபாய் 50 பைசா கையை விட்டுப் போகுது. 8,000 செட்டுக்கு 1,32,000. வேண்டாங்க" என்றார். கூட்டலில் தப்பே இல்லை. ஆனால் அந்த 148.50-க்குள் 20 ரூபாய் என்பது வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் லோன் தவணை, மின்வாரியத்துக்குக் கட்டும் டிமாண்ட் சார்ஜ் இவையெல்லாம் சேர்ந்து வரும் மாதச் செலவு 3,60,000-ஐ 18,000 செட்டால் வகுத்து வந்த தொகை. இந்த ஆர்டரை நான் விட்டால் அந்த 3,60,000-ல் ஒரு ரூபாயாவது குறையுமா என்று கேட்டேன். வாடகைக்காரர் குறைத்துக்கொள்ள மாட்டார், பேங்க் குறைக்காது. அவரும் ஒத்துக்கொண்டார். அப்படியானால் இந்த ஆர்டருக்கு நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை எடுப்பதால் மட்டும் என் கையிலிருந்து புதிதாக வெளியே போகிற பணம் எவ்வளவு, உள்ளே வருகிற பணம் எவ்வளவு. வித்தியாசம் கூடுதலாக இருந்தால் அந்த மீதி, சும்மா இருந்தாலும் போகப்போகிற 3,60,000-க்கு ஒரு கை கொடுக்கும்.

புதிதாகப் போகிற பணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று தோன்றும். நூலும் சாயமும் செட்டுக்கு 70 ரூபாய், இதில் கழிவும் அடக்கம். நெசவு வெளியே பவர்லூமில் கூலிக்கு ஓட்டுவது, டவலுக்கு 6 வீதம் 18. ஃபினிஷிங் 6. வெட்டுவதும் தைப்பதும் 10. லேபிள், தையல் நூல் 2. மொத்தம் 106. இதில் நூல், நெசவுக் கூலி, ஃபினிஷிங் மூன்றும் துணி ஓடினால்தான் செலவு, ஓடாவிட்டால் இல்லை. சந்தேகமே கிடையாது. தையல்தான் யோசிக்க வைத்தது. எங்கள் தையல் பிரிவில் பீஸ் ரேட் ஆட்களும் உண்டு, ஷிஃப்ட் கூலி ஆட்களும் உண்டு. வேலை இல்லாத நாளிலும் ஷிஃப்ட் ஆட்களை நான் அனுப்பவில்லை. அனுப்பினால் சீசன் வரும்போது அவர்கள் பக்கத்து யூனிட்டில் இருப்பார்கள். ஆகவே அந்த 10 ரூபாயில் 6 ரூபாய் எப்படியும் நான் கொடுக்கிற கூலிதான். கணக்கில் முழு 10-ஐயும் வைத்தேன், ஆனால் அந்த 6-ஐத் தனியாகக் குறித்துக்கொண்டேன். பேரத்தில் கடைசியாக இறங்கக்கூடிய படி அதுதான், முதலிலேயே இறங்கிவிடக் கூடாது. வேலையில்லாத நிலை இரண்டு மூன்று மாதம் நீண்டால் ஷிஃப்ட் ஆட்களைக் குறைத்தே ஆகவேண்டி வரும், அப்போது அந்த 6 ரூபாயும் மாறும் செலவாகிவிடும். எது மாறும் செலவு என்பது எவ்வளவு காலத்துக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதைக் கணக்குப்பிள்ளை தர முடியாது, ஆட்களைத் தெரிந்த முதலாளிதான் சொல்ல முடியும்.

உள்ளூருக்கு விற்றால் கணக்கு இதோடு முடிந்துவிடும். ஏற்றுமதியில் இதற்கு மேல்தான் ஆரம்பம். முதலில் பேக்கிங். செட்டைச் சுற்றி ஒரு அட்டைப் பட்டை, நாற்பது செட்டுக்கு ஒரு பெட்டி, டேப், மடிக்கிற ஆள் கூலி எல்லாம் சேர்த்து 8 ரூபாய். அடுத்து இந்த ஆர்டருக்கென்றே ஒரு தடவை ஆகிற செலவு: சாம்பிள் தைப்பது, கூரியர், தடை செய்யப்பட்ட அசோ சாயம் இல்லை என்று காட்டும் லேப் டெஸ்ட். மொத்தம் 16,000, செட்டுக்கு 2. இது செட்டின் எண்ணிக்கையோடு கூடவோ குறையவோ போவதில்லை, ஆனாலும் ஆர்டரை எடுக்காவிட்டால் இந்தச் செலவு இல்லை. ஆகவே இதுவும் உள்ளேதான் வரவேண்டும். பலர் இதை "ஜெனரல் செலவு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு வட்டி. நூல் வாங்கிய நாளிலிருந்து ஜெர்மன்காரரின் பணம் வரும் நாள் வரை நான்கு மாதம். ஏறக்குறைய 10 லட்சம் வெளியே நிற்கும். ஓவர்டிராஃப்ட் வட்டி 32,000, செட்டுக்கு 4 ரூபாய். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யூ.டி. என்ற உறுதிமொழிப் பத்திர வசதி இருந்தாலும் நூலுக்கும் ஜாப் வேலைக்கும் கட்டிய வரி ரீஃபண்டாகத் திரும்பும் வரை அந்தப் பணமும் வெளியே நிற்கும். அதையும் வட்டிக் கணக்கில் சேர்த்தே பார்த்தேன்.

அப்புறம் சரக்கு கப்பலேறுகிற வரைக்கும். கரூரிலிருந்து தூத்துக்குடிக்கு லாரி 14,000, கஸ்டம்ஸ் ஏஜென்டுக்கு 5,000, அங்கே சி.எஃப்.எஸ். கிடங்கில் சரக்கை இறக்கி கண்டெய்னரில் ஏற்றும் செலவு 11,000, பில் ஆஃப் லேடிங் உள்ளிட்ட டாக்குமென்ட் செலவு 6,000, பேங்க் கட்டணம் 4,000. மொத்தம் 40,000, செட்டுக்கு 5. கடைசியாகக் கப்பல் கட்டணம். எங்கள் சரக்கு முழுக் கண்டெய்னருக்குப் போதாது, மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்து போகும் எல்.சி.எல். தான். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய் அங்கே பெரிய கப்பல் மாறி ஹாம்பர்க். கட்டணம் எடைக்கு இல்லை, இடத்துக்கு. ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது கூடுதலோ அதற்குப் பணம். துணி இலேசு, ஆகவே எப்போதும் கன மீட்டர்தான் நம்மைப் பிடிக்கும். 200 பெட்டி, ஒவ்வொன்றும் 50-க்கு 40-க்கு 30 சென்டிமீட்டர், ஆக 12 கன மீட்டர். அன்றைய ரேட் கன மீட்டருக்கு 25 டாலர். இன்சூரன்ஸும் சேர்த்து 28,000, செட்டுக்கு 3.50.

கூட்டினால் 128 ரூபாய் 50 பைசா. வரவு 1.60 டாலர். அன்றைக்கு டாலர் 83-க்குப் பக்கம். பேங்க் நம்மிடம் வாங்கும் விலை அதைவிடக் குறைவு என்பதால் 82.50 வைத்துக் கணக்குப் போட்டேன், 132. செட்டுக்கு மீதி 3.50, மொத்தம் 28,000. இதற்கு மேல் ஏற்றுமதிச் சரக்குக்கு அரசாங்கம் வரியைத் திருப்பித் தரும் டியூட்டி டிராபேக்கும், டவல் மாதிரி தைத்த சரக்கான மேட்-அப்ஸுக்கு வரிக்கு ஈடாகப் பத்திரமாகத் தரும் ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். ஸ்கிரிப்பும் இருந்தன. சதவீதம் பொருளுக்குப் பொருள் மாறும், சிலவற்றுக்கு உச்சவரம்பும் உண்டு. ஸ்கிரிப்பை விற்கும்போது கழிவில்தான் போகும். கழிவெல்லாம் போக எனக்கு செட்டுக்கு 9 ரூபாய் கைக்கு வரும் என்று பார்த்தேன். 72,000. ஆக மொத்தம் 1 லட்சம். கணக்குப்பிள்ளை 1,32,000 நஷ்டம் என்ற ஆர்டர், 3,60,000 மாதச் செலவுக்கு 1 லட்சம் தருகிற ஆர்டராக மாறியது. இரண்டும் ஒரே எண்களிலிருந்து வந்தவைதான்.

இங்கே ஒரு கட்டுப்பாட்டை நான் முதலிலேயே வைத்துக்கொண்டேன், இன்றும் அதை விடவில்லை. அரசாங்கத்திலிருந்து வரும் அந்த 9 ரூபாயைச் சேர்க்காமலேயே விலை மாறும் செலவைத் தாண்ட வேண்டும். ஏனென்றால் டிராபேக்கும் ஸ்கிரிப்பும் முன்கூட்டியே வந்தாலும், வெளிநாட்டுப் பணம் நம் பேங்கில் வந்து சேராவிட்டால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். விகிதம் அறிவிப்பில் மாறலாம். கரூரில் பலர் அந்த ஊக்கத்தொகையையே லாபம் என்று வைத்து விலையைக் கீழே இறக்குகிறார்கள். பையரின் ஏஜென்டுக்கும் அந்த விகிதம் மனப்பாடம், அதையும் சேர்த்தேதான் நம்மிடம் விலை கேட்கிறார். 3.50 மெல்லிசுதான், ஆனாலும் தாண்டியது. அக்டோபர் முதல் வாரம் ஆர்டரை எடுத்தேன்.

நவம்பரில் நூல் சாயத்திலிருந்து வந்து தறிக்கு ஏறிய பிறகு, பையரிடமிருந்து ஒரு பேக்கிங் மேனுவல் வந்தது. கடையில் அப்படியே கொக்கியில் தொங்கவிட வசதியாக அட்டைத் தலைப்பு, ஒவ்வொரு செட்டுக்கும் பார்கோடு ஸ்டிக்கர், பெட்டிக்கு நாற்பது செட் இல்லை இருபதுதான், டவலை இறுக்கி மடிக்கக் கூடாது, அட்டையோடு தட்டையாக இருக்க வேண்டும். ஏஜென்டிடம் கேட்டால், "சார், இது அவங்க எல்லா சப்ளையருக்கும் அனுப்புற ஸ்டாண்டர்ட் மேனுவல்தானே" என்றார். ஆர்டர் தாளில் "பையரின் தரநிலைப்படி பேக்கிங்" என்று ஒரு வரி இருந்தது, அந்தத் தரநிலைத் தாள் மட்டும் அப்போது வரவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. துணி தறியில் இருக்கும்போது ஆர்டரை விடவும் முடியாது.

பேக்கிங் மாறினால் செலவு எங்கெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள். செட்டுக்குப் பெட்டிச் செலவு 2.25-லிருந்து 3.25, தலைப்பு அட்டை கூடுதல் 2, ஸ்டிக்கர் 50 பைசா, ஆள் கூலி கூடுதல் 1. ஆக 8 ரூபாயாக இருந்த பேக்கிங் 12.50 ஆனது. மொத்தம் 36,000 கூடுதல். இதை யாரும் எதிர்பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏறியது கன அளவு. 20 செட் கொள்ளும் புதுப் பெட்டி 50-க்கு 34-க்கு 25. செட் பாதியானது, பெட்டி பாதியாகவில்லை. 400 பெட்டிக்கு 17 கன மீட்டர். 12 எங்கே, 17 எங்கே. லாரி பெரிதாக எடுக்க வேண்டியிருந்தது, சி.எஃப்.எஸ். செலவும் கன மீட்டருக்குத்தான். அதில் மட்டும் 10,000 ஏறியது. கப்பல் கட்டணமும் அதே விகிதத்தில் ஏறும். டவலில் ஒரு இழைகூட மாறவில்லை, எடையும் அதே.

பேக்கிங் மேஜையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டியை டேப் ஒட்டி அடுக்கியபோது மேல்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. பார்க்க ஒன்றுமில்லை. தூத்துக்குடியில் எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட், "அண்ணாச்சி, நீங்க பேக்கிங் லிஸ்ட்ல போடுற அளவு வேற, சி.எஃப்.எஸ்.ல டேப் வச்சு அளக்குற அளவு வேற. அவன் புடைப்பையும் சேர்த்துத்தான் அளப்பான்" என்றார். அங்கேயே அளந்து பார்த்தேன். 25 இருக்க வேண்டிய உயரம் 27. இரண்டு சென்டிமீட்டர்தான், ஆனால் 400 பெட்டியில் அது 1.3 கன மீட்டருக்கு மேல். அன்று இரவே செட்டுகளைத் திசை மாற்றி, ஒன்று விட்டு ஒன்று தலைகீழாக அடுக்கி, புடைப்பை அடக்கினோம். விலை சொல்வதற்கு முன்னால் உண்மையான சரக்கை வைத்து ஒரு பெட்டியை நிரப்பி, டேப் ஒட்டி, ஒரு இரவு விட்டு, வெளிப்புறத்தை அளந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் போடும் அளவு பெட்டி செய்பவருக்கு மட்டும்தான் உதவும்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே செங்கடல் பிரச்சினை ஆரம்பித்தது. நவம்பர் 19-ஆம் தேதி ஏமன் பக்கம் ஹவுத்தி கிளர்ச்சியாளர்கள் ஒரு கார் கப்பலைக் கைப்பற்றினார்கள் என்று செய்தியில் பார்த்தபோது அதற்கும் கரூர் டவலுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. டிசம்பர் நடுவில் பெரிய கப்பல் கம்பெனிகள் வரிசையாகச் செங்கடலை விட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் ஏறக்குறைய இரண்டு வாரம் கூடியது. கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டர் எனக்குக் கொடுத்திருந்த ரேட் நவம்பர் மாத முடிவு வரைதான் செல்லும். ஜனவரியில் சரக்கு தயாரானபோது கன மீட்டருக்கு 80 டாலர். 17 கன மீட்டருக்கு 1,13,000. இன்சூரன்ஸ், போர் அபாயத்துக்கான கூடுதலோடு சேர்த்து, 6,000. 28,000 என்று போட்ட இடத்தில் 1,19,000. சி.ஐ.எஃப். விலை என்பதால் இந்த 91,000 முழுக்க என் பக்கம்.

நான் பையருக்கு எழுதினேன். கப்பல் கட்டணத்தை ஒத்துக்கொள்ள மறுத்துவிட்டார், ஒப்பந்தம் சி.ஐ.எஃப். என்றார். பேக்கிங் மேனுவல் ஆர்டருக்குப் பிறகு வந்தது என்பதற்கு மின்னஞ்சல் தேதி இருந்ததால், அதற்கு செட்டுக்கு 3 சென்ட் தர ஒத்துக்கொண்டார். ஏறக்குறைய 20,000. கப்பல் தாமதத்தால் வட்டி இன்னும் 8,000. ஆக 1 லட்சம் வரவேண்டிய இடத்தில், பேக்கிங் 36,000, லாரியும் கிடங்கும் 10,000, கப்பல் 91,000, வட்டி 8,000 போய், 20,000 திரும்பி வந்து, கடைசியில் கையிலிருந்து 25,000 போனது. மார்ச்சில் பணம் வந்த அன்று இந்த எண்ணைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அப்புறம்தான் தனியாகக் குறித்து வைத்த அந்த 6 ரூபாய் ஞாபகம் வந்தது. 48,000 ரூபாய் ஷிஃப்ட் கூலி ஆர்டர் இல்லாவிட்டாலும் நான் கொடுத்திருப்பேன். ஆக ஆர்டரை விட்டிருந்தால் இன்னும் 23,000 ரூபாய் பின்தங்கியிருப்பேன். இத்தனை அடிபட்டும் எடுத்தது தவறில்லை என்று கணக்கு சொல்கிறது. ஆனால் ஐந்து மாத மன உளைச்சலுக்கும் 10 லட்சம் மாட்டிக்கொண்டதற்கும் 23,000 என்பது கூலியே இல்லை என்றுதான் என் மனசு சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முழு அடக்கத்தில் விலை வைத்தால் அந்த 20 ரூபாய்க்குள் இப்படிப்பட்ட அடிகள் கொஞ்சம் மறைந்துபோகும். மாறும் செலவுக்குச் சற்று மேலே விலை வைத்தால் மறைய இடமே இல்லை. ஆகவே விலை எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்கு நம் கையில் இல்லாத செலவுகளை விலையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். கப்பல் கட்டணம் நம் கையில் இல்லை. இப்படிப்பட்ட ஆர்டருக்கு எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, அதாவது தூத்துக்குடியில் கப்பலேற்றுவது வரைதான் நம் செலவு என்றுதான் விலை சொல்ல வேண்டும். பையர் சி.ஐ.எஃப். தான் வேண்டும் என்றால், கப்பல் கட்டணத்தைத் தனி வரியாக எழுதி, "ஏற்றும் நாளில் உள்ள கட்டணப்படி" என்று போட வேண்டும். பேக்கிங்கும் தனி வரி: பெட்டிக்கு எத்தனை செட், பெட்டி அளவு, மொத்தக் கன மீட்டர். இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால், மேனுவல் பிறகு வந்தாலும் பேச ஒரு பிடி இருக்கும். எனக்கு அந்த 3 சென்ட் கிடைத்ததே தேதி போட்ட ஒரு மின்னஞ்சலால்தான்.

இன்னொரு கணக்கை நான் தூக்கம் வராத ஒரு இரவில் போட்டேன். இந்த ஆர்டரில் என் கையிலிருந்து போன பணம் 10 லட்சத்துக்கு மேல். எல்லாம் சரியாக நடந்திருந்தால் வரவேண்டிய மீதி 1 லட்சம். பையர் பணம் தராமல் போனால், அந்த ஒரு ஓட்டையை அடைக்க இதே மாதிரி பத்து ஆர்டர் நல்லபடியாக முடிய வேண்டும். லாபம் 20 சதவீதம் உள்ள ஆர்டரில் எடுக்கக்கூடிய கடன் ஆபத்தை இதில் எடுக்கவே முடியாது. ஆகவே புதுப் பையருக்கு மெல்லிய விலை என்றால் 30 சதவீதமாவது அட்வான்ஸ், மீதி பேங்க் வழியாக டாக்குமென்ட் காட்டிப் பணம், கூடவே பையர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இ.சி.ஜி.சி. பாலிசி. அறுபது நாள் கடன் என்று கேட்டால் விலை எவ்வளவு இனித்தாலும் விட்டுவிடுகிறேன். டாக்குமென்ட் காட்டிப் பணம் என்றாலும் பையர் எடுக்காமல் போனால் சரக்கு ஹாம்பர்க்கில் வாடகை ஏறிக்கொண்டு நிற்கும். அட்வான்ஸ் தொகை அந்த வாடகையும் திருப்பிக் கொண்டுவரும் செலவும் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

விலை வெளியே தெரிவதும் ஒரு செலவுதான். அதே ஏஜென்ட் இரண்டு மாதம் கழித்து என் பழைய டென்மார்க் பையரின் ஆளிடம், "1.60-க்கே கிடைக்குதே" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பையருக்கு நான் முழு அடக்கம் போட்டு விற்றுக்கொண்டிருந்தவன். அவருக்குப் போவது வேறு டிசைன், வேறு நெசவு என்பதால் தப்பித்தேன். ஓய்வு நேரத்து விலையை, வழக்கமான பையர் வாங்கும் அதே டிசைனில், அதே நாட்டில், அதே ஏஜென்ட் வழியாகக் கொடுக்காதீர்கள். டிசைன், அளவு, செட் எண்ணிக்கை எதையாவது வேறுபடுத்துங்கள். பெரிய அளவில் எல்லோரும் இதையே செய்தால், மலிவாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள் என்று வாங்கும் நாடு போடும் ஆன்டி-டம்பிங் வரி வரும். உள்நாட்டு விலைக்குக் கீழே, அல்லது முழு அடக்கத்துக்குக் கீழே விற்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள். நம் மாறும் செலவுக் கணக்கு அங்கே செல்லாது. 1997-ல் ஐரோப்பிய யூனியன் இந்தியப் பருத்தி பெட்ஷீட்டுகளுக்கு இந்த வரியைப் போட்டது. இந்தியா உலக வர்த்தக அமைப்புக்குப் போய், 2001-ல் மேல்முறையீட்டு அமைப்பு ஐரோப்பா கணக்கிட்ட முறை தவறு என்று சொன்னது. அதற்குள் நாலு வருஷம் ஓடிவிட்டது. 8,000 செட்டுக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை, ஆனாலும் ஓய்வுக்கால விலை ஊர் முழுக்க நிரந்தர விலையாவது நல்லதில்லை.

ஏப்ரலில் அதே பையர் மறுபடி 8,000 செட் கேட்டார், அதே 1.60. இந்த முறை நிலைமை வேறு. அமெரிக்க ஆர்டரும் உள்ளூர் ஹோட்டல் சப்ளையும் சேர்ந்து 15,000 செட்டுக்கு வேலை இருந்தது. காலி 3,000 செட்தான். 8,000 எடுத்தால் 5,000 செட் அளவுக்கு இருக்கிற வேலையைத் தள்ள வேண்டும். அந்த வேலை செட்டுக்கு 25 ரூபாய் மீதி தருவது. 1,25,000 போகும். இதையும் இந்த ஆர்டரின் செலவாகத்தான் எழுத வேண்டும், பில் எதுவும் வராவிட்டாலும். காலியிடம் இருக்கும்போது விலை மாறும் செலவைத் தாண்டினால் போதும். காலியிடம் இல்லாதபோது தள்ளப்படும் வேலையின் மீதியையும் தாண்ட வேண்டும். எங்களுக்கு நெருக்கடி தையல் மெஷின் நேரத்தில்தான். ஆகவே செட்டுக்கு எவ்வளவு மீதி என்பதோடு, தையல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மீதி என்றும் பார்த்தேன். இந்த இரண்டு சரக்குக்கும் தையல் நேரம் ஏறக்குறைய ஒன்று என்பதால் கணக்கு மாறவில்லை. ஏப்ரன் மாதிரி நேரம் தின்கிற சரக்கென்றால் மாறியிருக்கும்.

எஃப்.ஓ.பி. கணக்கு இப்படி வந்தது. உற்பத்தி 106, புதுப் பேக்கிங் 12.50, டெஸ்ட் 1, வட்டி 4, தூத்துக்குடி வரை 6.25. மொத்தம் 129.75. தள்ளப்படும் வேலைக்கு செட்டுக்கு 15.60 சேர்த்தால் 145 ரூபாய் 35 பைசா. ஊக்கத்தொகை 9 கழித்தால் 136.35, டாலரில் 1.65. அதற்குக் கீழே எடுத்தால் நான் இருக்கிற நிலையைவிடக் கீழே போகிறேன். 1.75 என்று எழுதி அனுப்பினேன்: எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, பெட்டிக்கு 20 செட், 17 கன மீட்டர், விலை பதினைந்து நாள் வரை செல்லும், 30 சதவீதம் அட்வான்ஸ். ஏஜென்ட் போனில் கத்தினார். பத்து நாள் பதிலே இல்லை. நானும் அந்த மெஷின்களை ஹோட்டல் சப்ளைக்கு எழுதி வைத்துவிட்டேன். பிறகு 1.70-க்கு ஒத்துக்கொண்டு, அட்வான்ஸும் வந்து, கப்பலை பையரின் ஃபார்வர்டரே புக் செய்தார். ஹோட்டல்காரரிடம் 5,000 செட்டை மூன்று வாரம் தள்ளிக் கேட்டதில், 2,000 செட்டைத் தள்ளித் தர ஒப்புக்கொண்டார். மீதி 3,000-ஐ வேறு யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டார்.